"வி"யா, "சி"யா? பிரெஞ்சில் "இல்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது

தொண்டை வலி என்று பாரிஸில் ஒரு டாக்டரிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். மாத்திரை எழுதுவதற்கு முன் அவர் கேட்கிறார்: "வு நெத் பா அலெர்ஜீக் ஆ லா பெனிசிலின்?" உங்களுக்குப் பெனிசிலின் அலர்ஜி இல்லை, அப்படித்தானே என்கிறார். உங்களுக்கு நிஜமாகவே இல்லை. அவர் சொன்னது சரி என்பதால் வாயில் சட்டென்று வருவது "ஆமாம்". அதன் பிரெஞ்சு "வி" என்று படித்திருக்கிறீர்கள், அதையே சொல்லிவிடுகிறீர்கள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அலர்ஜி இருக்கிறதா, இல்லையா என்று மறுபடி கேட்கிறார். நீங்கள் சொன்ன ஒரு சொல்லில் அவருக்கு வேண்டிய பதில் இல்லை.

இங்கே சொல்ல வேண்டியது "நோன்". அலர்ஜி இருந்திருந்தால் "சி". எப்படிப் பார்த்தாலும் "வி"க்கு இந்தக் கேள்வியில் வேலையே இல்லை.

மேலே போவதற்கு முன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. "வி" என்று நான் எழுதுவது ஓ, யு, ஐ என்ற மூன்று எழுத்தால் எழுதப்படும் சொல். இதழைக் குவித்து, "உ"வில் தொடங்கி "ஈ"யில் முடிக்க வேண்டும். "சி" எஸ், ஐ என்ற இரண்டே எழுத்து, ஒலி "ஸி"தான். "நோன்" என்பதில் கடைசி "ன்" நாக்கில் படாமல் மூக்கில் மட்டும் ஒலிக்கும். மற்ற வாக்கியங்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். சரியான ஒலியை ஒரு பிரெஞ்சுக்காரர் பேசுவதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது நம் வழக்கத்தைக் கொஞ்சம் கவனிப்போம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

"நீ சாப்பிடலையா?" என்று ஒருவர் கேட்கிறார். நீங்கள் சாப்பிடவில்லை. "ஆமா, சாப்பிடல" என்று சொல்லலாம். "இல்ல, சாப்பிடல" என்றும் சொல்லலாம். இரண்டும் நம் வீட்டில் தினமும் புழங்குவதுதான். சாப்பிட்டிருந்தால்? "இல்ல இல்ல, சாப்பிட்டாச்சு" என்போம். ஆக, சாப்பிட்டவரும் "இல்ல" என்கிறார், சாப்பிடாதவரும் "இல்ல" என்கிறார். நாம் குழம்புவதில்லை, ஏனென்றால் பின்னாலேயே வினைச்சொல் வந்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. முதலில் வரும் "ஆமா"வும் "இல்ல"வும் பெரும்பாலும் கேட்டவரின் நினைப்பு சரியா தப்பா என்பதற்கான பதில். நடந்தது என்ன என்பதை வினைச்சொல்தான் சொல்கிறது.

பிரெஞ்சில் இந்த வேலைப் பங்கீடு வேறு மாதிரி. அங்கே முதலில் வரும் அந்த ஒற்றைச் சொல்லே நடந்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவரின் நினைப்பு சரியா தப்பா என்பது அதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் அவர்களுக்கு இரண்டு சொல் போதவில்லை, மூன்று வைத்திருக்கிறார்கள்.

"தூ ஆ மான்ஜே?" (நீ சாப்பிட்டாயா?) என்பது உடன்பாட்டுக் கேள்வி. சாப்பிட்டிருந்தால் "வி", சாப்பிடவில்லை என்றால் "நோன்". இதில் ஒரு குழப்பமும் இல்லை.

"தூ நா பா மான்ஜே?" (நீ சாப்பிடவில்லையா?) என்பது எதிர்மறைக் கேள்வி. சாப்பிடவில்லை என்றால் இதற்கும் "நோன்"தான். சாப்பிட்டிருந்தால் "சி".

"நோன்" இரண்டு இடத்திலும் அதேதான், மாறவே இல்லை. சாப்பிடவில்லை என்றால் கேள்வி எப்படி வந்தாலும் "நோன்". மாறுவது சாப்பிட்டிருக்கும்போது மட்டும்: கேள்வி உடன்பாடாக வந்தால் "வி", எதிர்மறையாக வந்தால் "சி". அதாவது கேட்டவர் "இல்லை" என்ற பக்கம் சாய்ந்து நிற்கிறார், நீங்கள் "உண்டு" என்று அவரை இந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்றால், அந்த இழுப்புக்குப் பெயர் "சி".

இதைப் பேச்சில் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. "ஆமாம்", "இல்லை" இரண்டையும் மொழிபெயர்க்கவே பார்க்காதீர்கள். மனதில் முழுப் பதில் வாக்கியத்தைக் கொண்டுவாருங்கள், அதன் வினையை மட்டும் பாருங்கள். "சாப்பிடல", "வரல", "தெரியாது", "கிடையாது" என்று எதிர்மறையில் முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு "நோன்". "சாப்பிட்டேன்", "வரேன்", "தெரியும்", "இருக்கு" என்று முடிகிறதா? அப்போது மட்டும் கேட்டவர் எப்படிக் கேட்டார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் கேள்வியில் "பா" போன்ற எதிர்மறைச் சொல் இருந்தால் "சி", இல்லாவிட்டால் "வி".

டாக்டர் கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். உங்கள் முழுப் பதில் "எனக்கு அலர்ஜி கிடையாது." வினை எதிர்மறை. பதில் "நோன்". பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் பெனிசிலின் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்றால் அவர் பதில் "எனக்கு அலர்ஜி இருக்கு." வினை உடன்பாடு. கேள்வியில் "பா" இருந்தது. எனவே "சி". கூடவே "ஜ சுயி அலெர்ஜீக்" என்று முழு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. மருந்து விஷயத்தில் ஒற்றைச் சொல்லை நம்பி நிற்க வேண்டாம்.

தமிழில் "சி"க்கு இணையான தனிச்சொல் இல்லை. ஆனால் அதன் உணர்வு நமக்குப் புதிதல்ல. "சாப்பிடலையா?" என்று கேட்டால் "சாப்பிட்டேனே!" என்கிறோமே, அந்தக் கடைசி ஏகாரம் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. "நீங்க நினைக்கிற மாதிரி இல்லை, நடந்துவிட்டது" என்ற லேசான மறுப்பு அதில் இருக்கிறது. "வந்தேனே", "சொன்னேனே", "இருக்கே" என்று ஏகாரம் போட்டு இழுக்கத் தோன்றுகிற இடங்களில் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் "சி" என்று தொடங்குவார்.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு இன்னொரு தடங்கல் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் எதிர்மறைக் கேள்விக்கும் "யெஸ்", "நோ" என்ற இரண்டு சொல்தான். அந்தப் பழக்கத்தில் "சி" வர வேண்டிய இடத்தில் "வி" வந்து விழும். வேடிக்கை என்னவென்றால் பழைய ஆங்கிலத்தில் நான்கு சொல் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு "யே", "நே". எதிர்மறைக் கேள்விக்கு "யெஸ்", "நோ". இன்று எல்லா இடத்திலும் புழங்கும் "யெஸ்" அன்று பிரெஞ்சு "சி" செய்யும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 1532-இல் தாமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலுக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்று எழுத்திலேயே கண்டித்தார். அப்புறம் அந்த வேறுபாடே ஆங்கிலத்திலிருந்து மறைந்துவிட்டது. ஜெர்மனில் "டாக்" என்ற சொல்லாக அது இன்னும் இருக்கிறது. ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளிலும் இதற்கென்று தனிச்சொல் உண்டு.

ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். அங்கே "சி" என்றால் வெறும் "ஆமாம்". "தூ வியான்?" (வர்றியா?) என்ற சாதாரணப் பிரெஞ்சுக் கேள்விக்கு "சி" என்று பதில் சொன்னால் ஸ்பானிஷ்காரர் பேசுவது போல இருக்கும். மறுப்பதற்கு எதிரே ஒரு "இல்லை" இல்லாமல் பிரெஞ்சு "சி" நிற்காது.

விதி இவ்வளவுதான். கஷ்டம் விதியில் இல்லை, காதில் இருக்கிறது. கேட்டது எதிர்மறைக் கேள்விதான் என்று பிடிபட்டால்தானே "சி" சொல்ல முடியும்?

பாடப்புத்தகத்தில் எதிர்மறைக்கு இரண்டு துண்டு சொல்லிக்கொடுப்பார்கள்: வினைக்கு முன்னால் "ந", பின்னால் "பா". பேச்சில் அந்த "ந" பெரும்பாலும் காணாமல் போய்விடும். சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுபவர் "வு நவே பா லா கார்த்?" என்று முழுசாகக் கேட்க மாட்டார். "வு ஸவே பா லா கார்த்?" என்றுதான் கேட்பார். கடையின் உறுப்பினர் அட்டை இல்லையா என்று அர்த்தம். அட்டை பையில் இருந்தால் "சி" என்று சொல்லி எடுத்து நீட்டுங்கள், இல்லையென்றால் "நோன்". "ந"வைத் தேடிக்கொண்டிருந்தால் கேள்வி போய்விடும், வினைக்குப் பின்னால் வரும் "பா"வைப் பிடியுங்கள். அதுபோல நண்பர்கள் "தா பா ஃபான்?" என்பார்கள். பசிக்கலையா என்பதுதான் அது. பசித்தால் "சி".

"பா" மட்டும் இல்லை. "ஜமே" (ஒருபோதும்), "ரியான்" (ஒன்றும்), "பெர்ஸொன்" (ஒருவரும்), "ப்ளு" (இனி) இவையும் வாக்கியத்தை எதிர்மறையாக்கும். இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் எழுத்தில் கடைசியில் ஒரு "ஸ்" உண்டு. அதை உச்சரித்தால் ஓர் அர்த்தம், விழுங்கினால் நேர் எதிர் அர்த்தம்.

சாப்பாட்டு மேஜையில் ஒருவர் "தான் வ ப்ளு?" என்று "ஸ்" இல்லாமல் கேட்டால், "இனி வேண்டாமா?" என்று அர்த்தம். இது எதிர்மறை. வயிறு நிறைந்துவிட்டால் "நோன், மெர்சி". இன்னும் வேண்டும் என்றால் "சி". அவரே "தான் வ ப்ளுஸ்?" என்று "ஸ்"ஸோடு கேட்டால் "இன்னும் வேணுமா?" என்று அர்த்தம். இது உடன்பாடு. வேண்டும் என்றால் "வி". ஒரே ஒரு "ஸ்" ஒலியில் உங்கள் பதில் "சி"யிலிருந்து "வி"க்கு மாறிவிடுகிறது. நல்ல வேளையாக, வேண்டாம் என்பவர் எப்படிக் கேட்டாலும் "நோன்" சொல்லித் தப்பித்துவிடலாம்.

எதிர்மறை போலத் தோன்றி எதிர்மறை அல்லாதவையும் உண்டு. "தூ நா க தீஸ் எரோ?" என்பதில் "ந" இருக்கிறது, ஆனால் கூட வருவது "பா" அல்ல, "க". "ந"வும் "க"வும் சேர்ந்தால் "மட்டும்தான்". உன்னிடம் பத்து யூரோ மட்டும்தான் இருக்கிறதா என்பது கேள்வி. பத்துதான் இருக்கிறது என்றால் "வி". "சி"க்கு இங்கே இடமில்லை. அதே போல வாக்கியத்தின் வாலில் தொங்கும் "நெஸ் பா?" நம் "இல்லையா?" மாதிரி ஒரு ஒட்டு. "இல் ஃபே போ, நெஸ் பா?" (வெயில் நன்றாக அடிக்கிறது, இல்லையா?) என்றால் அந்த வாலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்னால் இருக்கும் வாக்கியம் உடன்பாடு, எனவே "வி".

அடுத்து மரியாதைக்காக எதிர்மறையில் கேட்பது. நாம் "மணி என்ன?" என்று கேட்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் "வு நோரியே பா லெர்?" என்று கேட்பார்கள். உங்களிடம் நேரம் இருக்காதோ என்கிற மாதிரி. கேட்பவர் உங்களிடம் கடிகாரம் இல்லை என்று நினைக்கவில்லை, பணிவுக்காக அப்படி வளைத்துக் கேட்கிறார். ஆனாலும் பதில் வடிவத்தைப் பார்த்துத்தான் வரும்: "சி, இல் எ மிதி" என்று மணி பன்னிரண்டைச் சொல்லலாம். இந்த இடத்தில் "சி"யில் மறுப்பின் காரம் ஒன்றும் கிடையாது. "இருக்கே, சொல்றேன்" என்ற இணக்கம்தான் கேட்கும்.

இதே வகையில் ரயில் பெட்டியில் எதிரில் இருப்பவர் கேட்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்: "ஸா ந வு தெரான்ஜ் பா சி ஜூவ்ர் லா ஃபெநெத்ர்?" ஜன்னலைத் திறந்தால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? நடுவில் ஒரு "சி" வருகிறதே என்று பதற வேண்டாம். அது "திறந்தால்" என்பதில் வரும் "ஆல்". எழுத்தும் ஒலியும் ஒன்றே, வேலை வேறு. பதிலுக்கு வருவோம். திறக்கட்டும், உங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சம்மதம் என்றதும் "வி" என்று சொல்லத் துடிக்கும். ஆனால் கேள்வி சம்மதத்தைப் பற்றியது அல்ல, தொந்தரவைப் பற்றியது. தொந்தரவு இல்லை, எனவே "நோன், நோன், அலேசி" என்று சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லுக்கு "தாராளமாகத் திறங்க" என்று அர்த்தம். தமிழிலும் நாம் இங்கே "இல்ல இல்ல, திறங்க" என்றுதானே சொல்வோம்? இந்த ஓரிடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. குளிர் தாங்காதவர் "சி, அன் ப" என்பார். ஆமாம், கொஞ்சம் தொந்தரவுதான் என்று நாசூக்காகச் சொல்வது அது. கேட்டவர் ஜன்னலைத் தொட மாட்டார்.

"சி" வருவதற்குக் கேள்விக்குறியும் தேவையில்லை. யாராவது எதிர்மறையாக ஒன்றைச் சொன்னாலே போதும். "நான் சொல்றதை நீ கேட்கவே மாட்டேங்கிற" என்று ஒருவர் குறைப்பட்டால், "மே சி!" என்று ஆரம்பித்து, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லலாம். "மே" என்றால் "ஆனால்". "சி"க்கு முன்னால் வரும்போது அது வெறும் அழுத்தம்தான். குழந்தைகள் சண்டையில் ஒருவர் "நோன்" என்க, மற்றவர் "சி" என்க, அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். "ஏன் நேத்து வரல?" என்ற மாதிரி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்விக்குக்கூட "சி" வரலாம். நீங்கள் போயிருந்தீர்கள், அவர்தான் கவனிக்கவில்லை என்றால் "மே சி" என்று தொடங்கி, வந்தேனே என்கிறீர்கள். அவர் "ஏன்" என்று கேட்டாலும், "வரல" என்று முடிவு கட்டியிருந்தாரே, அந்த முடிவைத்தான் மறுக்கிறீர்கள்.

இதே "சி" உங்களையும் அடுத்தவரையும் பிரித்துக் காட்டவும் உதவும். ஒருவர் "ஜ நெம் பா ல காஃபே" என்கிறார். காபி பிடிக்காதாம். உங்களுக்குப் பிடிக்கும் என்றால் "முவா சி". எனக்குப் பிடிக்கும்ப்பா என்கிற மாதிரி. உங்களுக்கும் பிடிக்காது என்றால் "முவா நோன் ப்ளு", எனக்கும்தான் இல்லை. இங்கே தமிழ் நாக்குக்கு ஓர் ஆபத்து: "எனக்கும்தான்" என்பதை அப்படியே "முவா ஓசி" என்று சொல்லிவிடுவோம். "முவா ஓசி" உடன்பாட்டு வாக்கியத்துக்குப் பின்னால் மட்டுமே வரும். "காபி பிடிக்கும்" என்றவரிடம் சொல்லலாம், "பிடிக்காது" என்றவரிடம் சொல்ல முடியாது. "ஓசி"யின் கடைசி ஒலி "சி"தானே என்று இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. "முவா சி" என்பது மாறுபடுவது, "முவா ஓசி" என்பது சேர்ந்துகொள்வது.

"சி"க்குப் பின்னால் வாக்கியத்தைத் தொடரும்போது, கேள்வியில் இருந்த எதிர்மறைச் சொல்லை அதன் ஜோடிக்கு மாற்ற வேண்டும். "இன்னும் சாப்பிடலையா?" என்பதில் "பா ஸான்கோர்" வரும். பதில் "சி, ஜே தெஜா மான்ஜே", ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று. "யாரும் இல்லையா?" என்பதில் "பெர்ஸொன்" வரும். பதிலில் "கெல்கன்", யாரோ ஒருவர். "ஒன்றும் இல்லையா?" என்பதில் "ரியான்" வந்தால் பதிலில் "கெல்க ஷோஸ்", ஏதோ ஒன்று. இந்த ஜோடிகள் நாள்பட நாக்கில் தானாக வந்துவிடும். தடுமாறினால் வெறும் "சி" என்று நிறுத்திக்கொண்டாலும் இலக்கணம் கெடாது.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம். "சி"க்கு அடுத்து "இல்" (அவன், அது) வந்தால், "ஆல்" என்ற அர்த்தத்தில் இரண்டும் ஒட்டி "சில்" ஆகிவிடும். தயவுசெய்து என்பதற்கான "சில் வு ப்ளே"யில் இருப்பது அதுதான். பதில் சொல்லும் "சி" அப்படி ஒட்டாது. "அவன் வீட்டில் இல்லையா?" என்று கேட்டால் "சி, இல் எ லா". நடுவில் காற்புள்ளி, பேச்சில் ஒரு சின்ன இடைவெளி. அதை ஒட்டிவிட்டால் "இருக்கானே" என்பது "அவன் இருந்தால்" ஆகிவிடும், கேட்டவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார்.

இதுவரை சொன்னது பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்துப் பிரெஞ்சுக்குப் பொருந்தும். கனடாவில் கியூபெக் போகிறவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. அங்கே அன்றாடப் பேச்சில் இந்த "சி" அவ்வளவாகப் புழங்குவதில்லை. "மே வி" என்றோ, "வி" என்று சொல்லி வினையைச் சேர்த்தோ மறுப்பார்கள். மான்ட்ரியலில் நீங்கள் "சி" என்று சொன்னால் புரியும், ஆனால் பிரான்ஸில் படித்துவிட்டு வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். "நோன்" மட்டும் அங்கேயும் மாறுவதில்லை: சாப்பிடாதவர் மான்ட்ரியலிலும் "நோன்"தான்.